14 பக்க பில்லை அரைப் பக்கமாக்கணும்: 65,300 எங்க தலையில விழுமா?

மண்டபம்கரை · 4 ஆகஸ்ட் 2025, இரவு 9.12

பெரியப்பாவுக்கு 63 வயசு. இடுப்பு எலும்பு முறிஞ்சு மதுரையில தனியார் ஆஸ்பத்திரியில ராடு வச்சு ஆபரேஷன் முடிஞ்சது. ஐசியூ ஒரு நாள், ரூம் 4 நாள். பில் 1,94,000. பாலிசி 3 லட்சம், கேஷ்லெஸ்.

கம்பெனிக்காரன் 1,28,700க்கு அப்ரூவல் குடுத்திருக்கான். மிச்சம் 65,300 நாங்க கட்டணுமாம். முன்பணம் 30,000 போக இன்னும் 35,300 கேட்குறாங்க.

பாலிசியில ரூம் வாடகை ஒரு நாளைக்கு 1%, அதாவது 3,000 வரைக்கும். நாங்க எடுத்த ரூம் 3,500. 500 வீதம் 4 நாளைக்கு 2,000. கையுறை, மாஸ்க் அது இதுன்னு ஒரு 5,000 போகட்டும். மொத்தம் 7,000 தானே வரணும்? 65,300 எங்கேர்ந்து வந்துச்சு?

பிள்ளைங்க மூணு பேரு, ஒருத்தர் குவைத்துல. மூணு பேரும் பங்கு போட்டுக் கட்டணும். 14 பக்கத்தையும் வாட்ஸப்புல அனுப்பினா யாரும் படிக்க மாட்டாங்க. எதுக்கு எவ்வளவு, கம்பெனி எவ்வளவு, நாம எவ்வளவுன்னு அரைப் பக்கத்துல எப்படி எழுதுறது?

தொண்டித்துறை · 4 ஆகஸ்ட், இரவு 9.40

ரூம் லிமிட்டைத் தாண்டினா ரூம் காசு மட்டும் குறையாது தம்பி. பில் மொத்தமும் அதே விகிதத்துல குறையும். அதுக்குப் பேரு புரப்போர்ஷனேட் டிடக்‌ஷன். பாலிசியிலயே போட்டிருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது. கட்டிட்டு ஆளைக் கூட்டிட்டு வாங்க.

பாம்பன்வலை · 4 ஆகஸ்ட், இரவு 10.05

எங்க அம்மாவுக்கு இதே இடுப்பு ஆபரேஷன், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில பண்ணினோம். கையிலேர்ந்து ஒரு பைசா வாங்கல. உங்ககிட்ட மட்டும் ஏன் கேட்குறாங்க? கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுங்க.

கணக்குமேசை · 4 ஆகஸ்ட், இரவு 10.48

பாம்பன் அண்ணே, அது வேற திட்டம். அதுல ஒரு ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு மொத்தமா ஒரு தொகை முன்னாடியே நிர்ணயம் பண்ணியிருக்கும். ரூம், மருந்து, சாப்பாடு எல்லாம் அதுக்குள்ள அடங்கிரும். வரி வரியா பில் போட்டு வெட்டுற வேலையே அங்க கிடையாது. இவங்க சொல்றது தனியார் பாலிசி.

மண்டபம் தம்பி, நாலு விவரம் வேணும். பில்லுல நர்சிங் சார்ஜ் தனி வரியா இருக்கா? பாலிசியில ரூம் வரம்பு எந்த வார்த்தையில எழுதியிருக்கு? அப்ரூவல் லெட்டரோட கடைசிப் பக்கத்துல என்னென்ன வெட்டுன்னு பட்டியல் இருக்கா? கோ-பே, அதாவது தேறின தொகையில நம்ம கையிலேர்ந்து போட வேண்டிய பங்கு, உண்டா?

மண்டபம்கரை · 5 ஆகஸ்ட், காலை 7.20

நர்சிங் தனி வரி, ஒரு நாளைக்கு 1,000. பாலிசியில "அறை, உணவு, நர்சிங் செலவுகள் சேர்த்து நாள் ஒன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1%"ன்னு போட்டிருக்கு. ஐசியூவுக்கு 2%, அதாவது 6,000. ஐசியூ பில்லும் சரியா 6,000 தான். கோ-பே 10%.

அப்ரூவல் லெட்டர்ல வெட்டு நாலு வரி:
நான்-மெடிக்கல் 5,000
ரூம் அதிகம் 6,000
புரப்போர்ஷனேட் 40,000
கோ-பே 14,300

கணக்குமேசை · 5 ஆகஸ்ட், காலை 8.55

முதல் முடிச்சு அவிழ்ந்திருச்சு. நீங்க 3,500ன்னு நெனச்ச ரூம், பாலிசி கண்ணுக்கு 4,500. நர்சிங்கும் அந்த 3,000 வரம்புக்குள்ள வரணும்னு வார்த்தை சொல்லுது. அதனால ஒரு நாளைக்கு 1,500 அதிகம், 4 நாளைக்கு 6,000. இந்த வெட்டு சரி. பாலிசியில நர்சிங்னு ஒரு வார்த்தை இல்லாம இருந்தா கணக்கு வேற. தேறுற விகிதம் 3,000/3,500 ஆகியிருக்கும். இப்ப 3,000/4,500, அதாவது மூணுல ரெண்டு பங்குதான் தேறும், மூணுல ஒரு பங்கு வெட்டு.

அந்த 40,000 மேல எனக்குச் சந்தேகம். அதைச் சொல்லுறதுக்கு முன்னாடி 14 பக்கத்தையும் பிரிச்சாகணும். சுருக்கின பில்லு இல்லாம எது எதுல மூணுல ஒண்ணு எடுத்தான்னு கண்டுபிடிக்க முடியாது.

பில் தேதி வாரியா இருக்கும். தேதியை மறந்துருங்க. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் பென்சில்ல ஒரு பேரு எழுதுங்க. ஆறு பேரு போதும்: ரூம், டாக்டர், டெஸ்ட், மருந்து, இம்ப்ளான்ட், இதர. ஆபரேஷன் தியேட்டர் வாடகையையும் மயக்க டாக்டர் ஃபீஸையும் 'டாக்டர்'லயே போடுங்க. காரணம் பின்னாடி வரும்.

மூணு இடத்துல கவனம் வேணும்.

ஒண்ணு, ராடும் ஸ்க்ரூவும். இது பெரும்பாலும் மருந்துப் பக்கத்துல, பஞ்சுக்கும் ஊசிக்கும் நடுவுல ஒளிஞ்சு கிடக்கும். வெளியே எடுத்துத் தனி வரியாக்குங்க. அதோட இன்வாய்ஸும் பெட்டியில ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் ஃபைல்ல இருக்கான்னு பாருங்க. ஸ்டிக்கர் இல்லாட்டி அந்தத் தொகையே கிடைக்காம நிக்கும்.

ரெண்டு, திருப்பிக் குடுத்த மருந்து. மைனஸ் போட்ட வரி, வாங்கின நாள்ல இருக்காது, டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கடைசிப் பக்கத்துல வரும். அதைக் கழிக்காம கூட்டினா உங்க மொத்தம் பில் மொத்தத்தோட ஒட்டாது.

மூணு, கிட். 'ஆர்த்தோ கிட், 1, 1,150' அப்படின்னு ஒத்தை வரி இருந்தா அதை வட்டம் போடுங்க. உள்ள என்ன இருக்குன்னு விவரம் இல்லாத கிட்டை முழுசா வெட்டுறது வழக்கம். உள்ளே இருந்ததைப் பிரிச்சு எழுதி பில்லிங்ல வாங்கினா அதுல சிலது தேறும்.

ஆறு குழுவையும் கூட்டினா 1,94,000 வரணும். ஒரு ரூபாய் வித்தியாசம்னாலும் அடுத்த படிக்குப் போகாதீங்க.

கீழக்கரைஎக்செல் · 5 ஆகஸ்ட், காலை 9.30

பென்சில் எதுக்கு. வரிகளை ஷீட்ல ஏத்திட்டு B பத்தியில குழு பேரு, C பத்தியில தொகை. வேற பத்தியில:

```
=SUMIF(B:B,"மருந்து",C:C)
```

ஆறு குழுவுக்கும் ஆறு தடவை. பேருக்குப் பின்னாடி தெரியாம ஒரு ஸ்பேஸ் விழுந்தா அந்த வரி கூட்டல்ல சேராது, அதைப் பாத்துக்குங்க. மைனஸ் வரிக்கும் அதே குழு பேரைப் போட்டா தானா கழிஞ்சிரும்.

தொண்டித்துறை · 5 ஆகஸ்ட், காலை 11.15

எவ்வளவு பிரிச்சாலும் மூணுல ஒண்ணு வெட்டு வெட்டுதான். வீணா மெனக்கெடுறீங்க.

மண்டபம்கரை · 5 ஆகஸ்ட், இரவு 10.30

பிரிச்சுட்டேன். எக்செல் பாய்க்கு நன்றி.

ரூம் 24,000 (ரூம் 18,000, ஐசியூ 6,000)
டாக்டர் 72,000 (சர்ஜன் 36,000, மயக்கம் 10,000, விசிட் 5,000, தியேட்டர் 21,000)
டெஸ்ட் 15,000
மருந்து 36,000 (வாங்கினது 38,400, திருப்பினது 2,400)
இம்ப்ளான்ட் 45,000
இதர 2,000 (பதிவு 500, ரெக்கார்டு நகல் 500, கூட இருந்தவங்க சாப்பாடு 1,000)

கூட்டினா 1,94,000 வருது. மருந்துல கையுறை, மாஸ்க், டயப்பர், ஈசிஜி எலக்ட்ரோடு, ஆர்த்தோ கிட் எல்லாம் சேர்ந்து 3,000. அதோட இதர 2,000 சேர்த்தா அவங்க சொன்ன நான்-மெடிக்கல் 5,000 சரியா வருது.

கணக்குமேசை · 6 ஆகஸ்ட், காலை 6.50

இப்ப அந்த 40,000ஐ உடைக்கலாம். மூணுல ஒண்ணு எடுத்தா 40,000 வரணும்னா மூலத் தொகை 1,20,000. உங்க பட்டியல்ல எதை எதைக் கூட்டினா 1,20,000 வருது?

டாக்டர் 72,000. டெஸ்ட் 15,000. மருந்துல தேறினது 33,000. கூட்டிப் பாருங்க, சரியா 1,20,000.

தப்பு அங்கதான். ரூம் கூடுதலா எடுத்ததுக்காக விகிதத்துல வெட்டலாம்னு இருக்கிறது அசோசியேட் மெடிக்கல் எக்ஸ்பென்ஸஸ்னு சொல்ற பகுதிக்கு மட்டும். அதுல மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், டெஸ்ட் சேராதுன்னு 2020ல காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ தெளிவாச் சொல்லிருச்சு. ஐசியூ சார்ஜையும் இப்படி வெட்டக் கூடாது. காரணமும் நியாயமானதுதான். பெரிய ரூம்ல படுத்தா சர்ஜன் ஃபீஸ் கூடலாம். ஆன்டிபயாடிக் ஊசி விலை கூடாதே.

தொண்டி அண்ணே சொன்னது பாதி சரி. அப்படி ஒரு வெட்டு உண்டு. ஆனா பில் மொத்தத்துக்கும் இல்ல. நான் டாக்டர், தியேட்டர் ரெண்டையும் ஒரே குழுவுல போடச் சொன்னதும் இதுக்குத்தான். விகித வெட்டு விழக்கூடியது ஒரு பக்கம், விழக்கூடாதது ஒரு பக்கம்.

உங்க கம்பெனி இம்ப்ளான்டை விட்டுட்டான், டெஸ்ட்டையும் மருந்தையும் சேர்த்துப் பிடிச்சுட்டான். தனியா ஒரு வரியில 40,000னு மட்டும் போட்டா யாருக்கும் தெரியாது. அவசரத்துல அனுப்புற அப்ரூவல்ல இது அடிக்கடி நடக்குற விஷயம்.

கணக்குமேசை · 6 ஆகஸ்ட், காலை 7.15

சரியான கணக்கு இதோ. வரிசை முக்கியம், அதனால படிப்படியா:

பில் 1,94,000
பாலிசியில வராத சாமான் 5,000 கழிச்சா 1,89,000
ரூம் அதிகம் 6,000 கழிச்சா 1,83,000
டாக்டர் குழு 72,000ல மூணுல ஒண்ணு 24,000 கழிச்சா 1,59,000
இதுல கோ-பே 10%, 15,900
கம்பெனி தர வேண்டியது 1,43,100
குடும்பம் தர வேண்டியது 50,900

முன்பணம் 30,000 போக கவுன்டர்ல கட்ட வேண்டியது 20,900. அவங்க கேட்டது 35,300. வித்தியாசம் 14,400.

தப்பா வெட்டினது 16,000 ஆச்சே, 14,400 மட்டும் ஏன்னு கேட்பீங்க. அந்த 16,000 திரும்பி உள்ளே வந்தா அதுலயும் 10% கோ-பே விழும். கோ-பே எப்பவும் கடைசிப் படி, தேறின தொகையில மட்டும். மொத்த பில்லுல 10%னு 19,400 போடுறதை நான் பாத்திருக்கேன், அது தப்பு.

முன்பணத்தை வெட்டுப் பட்டியல்ல சேர்க்காதீங்க. அது நீங்க ஏற்கெனவே குடுத்த காசு, செலவுல ஒரு வகை கிடையாது. பங்கு போடுறப்ப 50,900ஐத்தான் மூணா பிரிக்கணும். முன்பணம் யார் கட்டினாங்களோ அவங்க பங்குல அதைக் கழிச்சுக்குங்க. இல்லாட்டி அண்ணன் தம்பிக்குள்ள மனஸ்தாபம்.

தொண்டித்துறை · 6 ஆகஸ்ட், காலை 9.02

2020ல சொன்னது புது பாலிசிக்குத்தான் இருக்கும். இவங்க பாலிசி பழசா இருந்தா?

கணக்குமேசை · 6 ஆகஸ்ட், காலை 9.20

பழசுக்கும் ரினியூவல் ஆகுறப்ப வந்திருச்சு அண்ணே. ஆனாலும் சுற்றறிக்கை எண்ணைத் தேடி அலைய வேணாம். தம்பி, கையில இருக்கிற இந்த வருஷத்துப் பாலிசிப் புத்தகத்துல, வரையறைப் பகுதியில அசோசியேட் மெடிக்கல் எக்ஸ்பென்ஸஸ் எங்க இருக்குன்னு பாருங்க. அந்தப் பக்கத்தை போட்டோ எடுங்க. கம்பெனிகிட்ட அவனோட வார்த்தையையே காட்டுறது தான் வேகமான வழி.

ராம்நாடுஅக்கா · 6 ஆகஸ்ட், மதியம் 1.35

இதுல இன்னொண்ணு விட்டுப்போச்சு. எங்க வீட்டுல போன மாசம் பில் 82,000, அப்ரூவல் 70,000. கவுன்டர்ல 12,000 வாங்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து லெட்டரைப் பாத்தா அந்த 12,000ல 4,000 'ஆஸ்பத்திரி தள்ளுபடி'ன்னு இருந்துச்சு. அது ஆஸ்பத்திரிக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம், நாங்க கட்டக் கூடாத காசு. எழுதிக் கேட்டோம், திருப்பிக் குடுத்தாங்க. பில்லுல அப்ரூவலைக் கழிச்சா மிச்சம் எல்லாம் நம்ம கடன்னு நெனச்சுறக் கூடாது.

கணக்குமேசை · 6 ஆகஸ்ட், மதியம் 2.10

அக்கா சொன்னது ரொம்பச் சரி. தம்பி லெட்டர்ல அந்த வரி இல்ல, அதனால நான் எடுக்கல. இருந்தா அது மூணாவது பத்தி: கம்பெனி தரது, குடும்பம் தரது, யாரும் தர வேண்டாதது.

தம்பி பில்லுல பதிவுக் கட்டணம் 500ம் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அடங்க வேண்டிய சாமான்களோட பட்டியல்ல அது இருக்கு, தனியா பில் போடுறதே சரியில்ல. 500க்குச் சண்டை போடுறதா வேணாமாங்கிறது உங்க இஷ்டம்.

மண்டபம்கரை · 6 ஆகஸ்ட், மாலை 5.48

புத்தகத்துல அந்த வரையறை இருக்கு. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ், இம்ப்ளான்ட், டயக்னாஸ்டிக்ஸ் சேராதுன்னு தெளிவா போட்டிருக்கு. ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் டெஸ்க்ல காட்டினேன். "அப்ரூவல் முடிஞ்சது, இனி மாத்த முடியாது"ங்குறாங்க. பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போகணும், வண்டி வந்து நிக்குது.

கணக்குமேசை · 6 ஆகஸ்ட், மாலை 6.05

டெஸ்க்ல இருந்து கம்பெனிக்கு மறுபரிசீலனை அனுப்ப முடியும், மனசு இருந்தா. டிஸ்சார்ஜ் கோரிக்கைக்கு 3 மணி நேரத்துல பதில் சொல்லணும்னு 2024லேயே விதி வந்திருச்சு. ஆனா பெரியவரை வண்டியில உக்கார வச்சுட்டு மல்லுக்கட்ட வேணாம். கட்டிட்டு வாங்க. வர்றப்ப வரி வரியா உள்ள முழு பில், பணம் கட்டின ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, அப்ரூவல் லெட்டர் நாலும் கையில இருக்கணும். பில்லுல ஆஸ்பத்திரி சீல் இருக்கான்னு பாருங்க.

பிறகு கம்பெனிக்கு மெயில். கதை எழுத வேணாம். கிளெய்ம் எண், '40,000 வெட்டில் 16,000 டெஸ்ட், மருந்து மீது விழுந்துள்ளது, பாலிசி வரையறைப்படி பொருந்தாது, கோ-பே போக 14,400 திருப்பித் தரவும்', கூட அந்த ஆறு வரிப் பட்டியல், புத்தகப் பக்கத்தோட போட்டோ. அதோட கதை முடிஞ்சது. பதில் சரியில்லாட்டி ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துல புகார். அதுக்கும் மேல சென்னையில இருக்கிற இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மன்.

பாம்பன்வலை · 6 ஆகஸ்ட், இரவு 8.20

ராம்நாட்டுல எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் காசு? மதுரைக்குப் போகுறதுக்கு முன்னாடி இங்கதானே எடுத்திருப்பாங்க. அது பில்லுல வராதே.

கணக்குமேசை · 6 ஆகஸ்ட், இரவு 8.45

நல்ல கேள்வி அண்ணே. அது இந்த 1,94,000க்குள்ள வராது, தனி கிளெய்ம். அட்மிட் ஆகுறதுக்கு முந்தின 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தின 60 நாள்னு பெரும்பாலான பாலிசியில இருக்கும், நாள் கணக்கைப் புத்தகத்துல பாத்துக்குங்க. ராம்நாட்டு ரசீது, டாக்டர் சீட்டு, பிந்தி வாங்குற மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் சேர்த்து ஒரே தடவையா அனுப்பலாம். வாக்கரும் பெல்ட்டும் பொதுவா தேறாது. அரைப் பக்கத்துல இதைக் கடைசியில தனி வரியா எழுதுங்க, மேலே உள்ள மொத்தத்தோட கலக்காதீங்க.

மண்டபம்கரை · 9 ஆகஸ்ட், இரவு 9.55

வீட்டுக்கு வந்தாச்சு. குவைத் அண்ணனுக்கு அனுப்பினது இதுதான்:

மொத்தம் 1,94,000. ரூம் 24,000, டாக்டர்-தியேட்டர் 72,000, டெஸ்ட் 15,000, மருந்து 36,000, ராடு 45,000, இதர 2,000.
கம்பெனி குடுத்தது 1,28,700. குடுக்க வேண்டியது 1,43,100. கேட்டு எழுதியிருக்கோம், வித்தியாசம் 14,400.
நாம கட்டினது 65,300. நம்ம உண்மையான பொறுப்பு 50,900: வராத சாமான் 5,000, ரூம் 6,000, ரூமால விழுந்த டாக்டர் வெட்டு 24,000, கோ-பே 15,900.
ராம்நாட்டு ஸ்கேன் தனி.

அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டாரு: "நாளைக்கு 1,500 ரூவா கூடின ரூமுக்கு 24,000 வெட்டா?"

கீழக்கரைஎக்செல் · 9 ஆகஸ்ட், இரவு 10.20

நியாயமான கேள்வி. 4 நாள் ரூம் அதிகத்துக்கு 6,000, அது இழுத்துட்டு வந்தது 24,000. ரூம் எடுக்கும்போது கவுன்டர்ல யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க.

கணக்குமேசை · 10 ஆகஸ்ட், காலை 7.05

அந்த 24,000லயும் ஒரு ஓட்டை இருக்கு. ரூமுக்கு ரூம் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில, அல்லது மாறாத சார்ஜுகளுக்கு, இந்த விகித வெட்டு போடக் கூடாது. ஆஸ்பத்திரியோட கட்டணப் பட்டியல் கேட்டுப் பாருங்க. ஜெனரல் வார்டு, ஷேரிங், தனி ரூம்னு பத்தி பத்தியா இருக்கும்.

மண்டபம்கரை · 13 ஆகஸ்ட், மாலை 4.40

பட்டியல் கிடைச்சது. தியேட்டர் 21,000 எல்லா ரூமுக்கும் ஒண்ணுதான். சர்ஜன் ஃபீஸ் ஷேரிங்ல 28,000, நாங்க இருந்த ரூம்ல 36,000. மயக்கமும் விசிட்டும் பட்டியல்லயே இல்ல.

கணக்குமேசை · 13 ஆகஸ்ட், மாலை 6.15

அப்ப தியேட்டர் மேல விழுந்த 7,000 வெட்டும் நிக்காது. கோ-பே போக இன்னும் 6,300 கேட்கலாம். அந்தப் பட்டியலை இணைச்சு ரெண்டாவது மெயில் போடுங்க, முதல் மெயிலுக்குப் பதிலாவே போடுங்க, புதுசா தொடங்காதீங்க.

ராம்நாடுஅக்கா · 13 ஆகஸ்ட், இரவு 7.30

சர்ஜன் ஃபீஸ் நிஜத்துல 8,000 தான் கூடியிருக்கு. ஆனா மூணுல ஒண்ணுன்னு 12,000 வெட்டியிருக்கான். அந்த 4,000?

தொண்டித்துறை · 13 ஆகஸ்ட், இரவு 7.52

அதைக் கேட்க முடியாது. விகிதம்னா விகிதம்தான், நிஜ வித்தியாசம் பாக்க மாட்டான்.

கணக்குமேசை · 13 ஆகஸ்ட், இரவு 8.30

இதுல தொண்டி அண்ணே பக்கம்தான் வார்த்தை இருக்கு. கட்டணம் மாறுற சார்ஜுன்னா விகிதத்துல வெட்டலாம்னுதான் பாலிசி சொல்லும். நிஜ வித்தியாசம் மட்டும் வெட்டுன்னு சொல்லாது. ஆனாலும் மெயில்ல ஒரு வரி சேர்த்துக் கேளுங்க, கேட்குறதுக்குக் காசு இல்ல. மயக்க டாக்டர் 10,000 எந்த ரூமுக்கு எவ்வளவுன்னு ஆஸ்பத்திரிகிட்ட எழுத்துல வாங்குங்க. அது வந்தாத்தான் மேல சொல்ல முடியும்.

மண்டபம்கரை · 22 ஆகஸ்ட், காலை 11.10

கம்பெனிகிட்டேர்ந்து பதில். 14,400 ஒத்துக்கிட்டு பெரியப்பா அக்கவுண்ட்டுக்கு அனுப்புறதா எழுதியிருக்கான், கேன்சல் செக் கேட்குறான். தியேட்டர் 6,300க்கு ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்ல கட்டணப் பட்டியல் சீலோட வேணுமாம், ஜெராக்ஸ் செல்லாதாம். சர்ஜன் 4,000 பத்திப் பதிலே இல்ல. திங்கக்கிழமை மதுரை போறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, லெட்டர் வாங்க வேண்டியிருக்கு.